கர்ப்பப்பை வாயில புண்ணு இருக்குன்னு கர்ப்பப்பையையே எடுக்கச் சொல்றாங்க, எடுத்துறலாமா?

"டாக்டர் அம்மா, எனக்கு 39 வயசு. பூம்பாறை பக்கம், பூண்டு வெள்ளாமை. ரெண்டு பிள்ளைங்க, சின்னவன் பிறந்தப்பவே குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணியாச்சு. நாலு மாசமா வீட்டுக்காரரோட சேர்ந்தா ரத்தம் படுது, மாசத்துக்கு நடுவுலயும் ரெண்டு மூணு நாள் படுது, தண்ணியா வெள்ளையும் போகுது. மாத்திரை ரெண்டு தடவ சாப்பிட்டேன், நின்னு நின்னு வருது. கீழ ஒரு ஆஸ்பத்திரில வயித்து மேல ஸ்கேன் பார்த்துட்டு கர்ப்பப்பை நல்லாருக்கு, வாயில புண்ணு இருக்கு, பிள்ளை பெத்தாச்சுல்ல எடுத்துருங்கன்னு தேதி குடுத்துட்டாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி கேம்ப்ல புற்றுநோய் டெஸ்ட் எடுத்து ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க. வீட்டுக்காரரு எடுத்துரு, தொல்லை விட்டுச்சுங்கறாரு. எடுத்துறலாமா?"

இப்ப எடுக்காதீங்கம்மா. அந்த தேதிய தள்ளி வைங்க. எடுக்கவே கூடாதுன்னு நான் சொல்லல, ரத்தம் எங்க இருந்து வருது, எதனால வருதுன்னு பார்க்காம எடுக்கக் கூடாதுன்னுதான் சொல்றேன். நீங்க எழுதினதுல யாருமே கண்ணால பார்த்ததா தெரியல. ஸ்கேன் பார்த்தாங்க, மாத்திரை குடுத்தாங்க, தேதி குடுத்தாங்க. ஸ்பெகுலம் வச்சு, அதாங்க அந்த கொக்கு மூக்கு மாதிரி இருக்குமே அந்த கருவி, அத வச்சு லைட் அடிச்சு கர்ப்பப்பை வாயை நேரா பார்த்தாங்களா? பார்த்திருந்தா நல்லது, ஆனா பார்த்தும் சதைத் துண்டு எடுக்காம புண்ணுன்னு மட்டும் சொல்லியிருந்தா பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு.

வயித்து மேல வைக்கிற ஸ்கேன்ல கர்ப்பப்பையோட சைஸ், உள்ள இருக்கிற கட்டி, சினைப்பை இதெல்லாம் தெரியும். வாயோட மேல்தோல் தெரியாது. ஆரம்பத்துல இருக்கிற புற்றுநோய் அந்த மேல்தோல்லதான் இருக்கும், ஸ்கேன் ரிப்போர்ட்ல "நார்மல்"னு அழகா வந்துரும். அதனால ஸ்கேன் நல்லாருக்குங்கறது உங்க கேள்விக்கு பதிலே இல்ல.

சரி, முதல்ல பயத்த கொஞ்சம் இறக்கி வைங்க. சேர்ந்த பிறகு ரத்தம் படுற பொம்பளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு புற்றுநோய் இருக்காது. அதிகமா பார்க்குறது மூணு விஷயம். ஒண்ணு, கர்ப்பப்பை வாய்க்கு உள்பக்கம் இருக்கிற மெல்லிசான செவந்த தோல் வெளிப்பக்கமா பரவி நிக்கிறது. இத பார்த்தா வாயைச் சுத்தி செவசெவன்னு இருக்கும், தொட்டா ரத்தம் கசியும், இதத்தான் நிறைய இடத்துல புண்ணுன்னு சொல்லிடுறாங்க. ஆனா அங்க தோல் எதுவும் பிஞ்சு போயிருக்காது, அது வேற வகை தோல், அவ்வளவுதான். சின்ன வயசுக்காரங்க, கர்ப்பமா இருக்கிறவங்க, கருத்தடை மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு ரொம்ப சகஜம், தொந்தரவு இல்லன்னா வைத்தியமே வேணாம். ரெண்டாவது, கிருமித் தொற்று. மூணாவது பாலிப், வாயில இருந்து சின்னதா தொங்குற சதை, பெரும்பாலும் அவுட் பேஷண்ட்லயே முறுக்கி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிட்டு அன்னிக்கே வீட்டுக்கு போலாம். இந்த மூணுல எதுக்குமே கர்ப்பப்பைய எடுக்கிற வேலையே கிடையாது.

ஆனா நாலாவதா புற்றுநோயும் இதே மாதிரிதான் வரும், வலி இல்லாம, சேர்ந்தா ரத்தம், தண்ணியா வெள்ளை. வெளிய இருந்து பார்த்து இது அதுவா இதுவான்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. வலி இல்லைங்கறதால ஒண்ணுமில்லன்னு நினைச்சுக்காதீங்க, ஆரம்பத்துல அது வலிக்காது, வலி வர்றது பெரும்பாலும் நோய் முத்தினதுக்கு அப்புறம்தான்.

இப்ப அந்த கேம்ப் டெஸ்ட்டுக்கு வருவோம், இதுலதான் படிச்சவங்களே தடுமாறுறாங்க. கேம்ப்லயும் ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் நர்ஸம்மா பண்றது வி.ஐ.ஏ டெஸ்ட். 3ல இருந்து 5 சதவீத அசெட்டிக் ஆசிட், கிட்டத்தட்ட வினிகர், அத பஞ்சுல நனைச்சு வாயில தடவி ஒரு நிமிஷம் விட்டு பார்ப்பாங்க. மாற ஆரம்பிச்ச செல் இருக்கிற இடம் வெள்ளையா திட்டா தெரியும். நம்ம நாட்டு அரசு திட்டத்துல 30 வயசுல இருந்து 65 வரைக்கும் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ பார்க்கச் சொல்லியிருக்கு. நல்ல டெஸ்ட்தான், நம்ம திண்டுக்கல் மாவட்டத்துலயே 2000த்துல ஆரம்பிச்சு அம்பிளிக்கை பக்கமிருந்து ஊர் ஊரா போய் 30ல இருந்து 59 வயசு வரைக்கும் இருக்கிற பொம்பளைங்களுக்கு இத பண்ணி, பண்ணாத ஊர்களோட ஒப்பிட்டு பார்த்தாங்க. 2007ல வந்த முடிவுல, பண்ண ஊர்கள்ல இந்த புற்றுநோய் வர்றது 25 சதவீதமும் இதால சாகுறது 35 சதவீதமும் குறைஞ்சிருந்துச்சு. உலகம் பூரா இந்த ஆராய்ச்சிய எடுத்துக்காட்டா சொல்றாங்க, நம்ம மாவட்டத்து பொம்பளைங்க மேல நடந்ததுன்னு நம்மள்ல பாதி பேருக்கு தெரியாது.

ஆனா அதே கணக்கை திருப்பி பாருங்க, 25 சதவீதம்தான் குறைஞ்சுச்சு, மீதி வந்துச்சு. ஒரு தடவ டெஸ்ட்ல ஒண்ணுமில்லன்னா இனி வராதுன்னு அர்த்தம் இல்ல, வெள்ளைத் திட்டு கண்ணுல படாம போறதும் உண்டு, உங்க வயசுக்கு அப்புறம் போகப் போக, உள்தோலும் வெளித்தோலும் சேருற, செல் மாற ஆரம்பிக்கிற அந்த இடம் வாய்க்குள்ள ஏறிப் போயிடும், அப்ப வி.ஐ.ஏல சரியா தெரியவே தெரியாது.

இன்னொன்னு இதவிட முக்கியம். வாயில குச்சியால செல்ல தடவி எடுத்து பார்க்கிற பாப் ஸ்மியரோ, வி.ஐ.ஏவோ, இந்த புற்றுநோய்க்கு காரணமான கிருமி இருக்கான்னு பார்க்கிற எச்.பி.வி டெஸ்ட்டோ, இதெல்லாம் எந்த தொந்தரவும் இல்லாத பொம்பளைங்களுக்காக. புற்றுநோய்க்கு முந்தின நிலை இருக்கு பாருங்க, அது சாதாரணமா ரத்தம் வர வைக்காது, வலிக்காது, ஒண்ணுமே தெரியாது. அத தேடிப் பிடிக்கத்தான் இந்த டெஸ்ட் எல்லாம். இந்த நோயால ரத்தம் வருதுன்னா அது அந்த நிலைய தாண்டியிருக்க வாய்ப்பு இருக்கு, அப்ப ஸ்கிரீனிங் பத்தாது, நேரா நோயக் கண்டுபிடிக்கிற டெஸ்ட்தான் வேணும். அதனால ரத்தம் படுற ஒருத்தங்க அடுத்த கேம்ப் வரட்டும்னு காத்திருக்கவும் கூடாது, போன டெஸ்ட் நல்லாருந்துச்சுன்னு சும்மா இருக்கவும் கூடாது. வாயில நல்லா வளர்ந்த கட்டி இருக்கும்போது கூட பாப் ஸ்மியர் தப்பா நார்மல்னு வந்துரும், ஏன்னா குச்சில ஒட்டிட்டு வர்றது ரத்தமும் சீழும் செத்த செல்லுமா இருக்கும், ஸ்லைடுல நோய் செல் தெரியாது. கண்ணுக்கு கட்டி தெரிஞ்சா பாப் ஸ்மியர் ரிசல்ட்டுக்கு காத்திருக்காம அன்னிக்கே துண்டு எடுக்கணும்.

ஏன் இவ்வளவு அடிச்சு சொல்றேன்னா, எங்கிட்ட வந்த ஒரு அம்மாவைப் பத்தி சொல்லணும். காப்பித் தோட்டத்துல வேலை, உங்கள விட கொஞ்சம் வயசு கூட, உங்களுக்கு இருக்கிற அதே தொந்தரவு. புண்ணுன்னு சொல்லி ஒரு இடத்துல கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க. சில மாசத்துல திரும்ப ரத்தம். கர்ப்பப்பையே இல்லையே எங்கிருந்து வருதுன்னு அவங்களுக்கு குழப்பம். நான் ஸ்பெகுலம் வச்சா, தையல் போட்ட இடத்துல, பிறப்புறுப்போட மேல் முனையில காலிஃபிளவர் மாதிரி சதை. எடுத்த கர்ப்பப்பைய டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்களான்னு பையில இருந்த பேப்பர் எல்லாத்தையும் பிரிச்சு பார்த்தோம், டிஸ்சார்ஜ் சீட்டு இருக்கு, மருந்துக் கடை பில்லு இருக்கு, பயாப்ஸி ரிப்போர்ட் மட்டும் இல்ல. முதல்லயே இருந்தது புற்றுநோய், அதத் தெரியாமலே வெட்டியிருக்காங்க.

இதுல என்ன கெட்டுப் போச்சுன்னு கேட்டா, கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்கு வைத்தியம் எந்த நிலைங்கறத பொறுத்து மாறும். கண்ணுக்கே தெரியாத அளவுல இருந்தா சாதாரணமா கர்ப்பப்பைய எடுத்தாலே போதும், சில பேருக்கு வாயில ஒரு பகுதிய மட்டும் கூம்பா வெட்டினாலே போதும். கண்ணுக்கு தெரியுற அளவு, ஆனா வாயைத் தாண்டலன்னா, சுத்தியிருக்கிற திசு, நெறி கட்டி எல்லாம் சேர்த்து எடுக்கிற பெரிய ஆபரேஷன், அத புற்றுநோய் ஆபரேஷன் தெரிஞ்சவங்கதான் பண்ணணும். 4 சென்டிமீட்டருக்கு மேல போயிட்டா இல்ல பக்கத்துல பரவிட்டா ஆபரேஷனே பெரும்பாலும் கிடையாது, கதிர் வைத்தியமும் கூடவே வாரம் ஒரு தடவ சிஸ்பிளாட்டின் மருந்தும்தான். அந்த கதிர் வைத்தியத்துல ஒரு பாகம் உள்ள வச்சு குடுக்கிறது, ஒரு மெல்லிசான குழாயை கர்ப்பப்பைக்குள்ள விட்டு அங்க இருந்து கதிர் குடுப்பாங்க, அப்பதான் கட்டிக்கு முழு டோஸும் போய் மூத்திரப்பைக்கும் மலக்குடலுக்கும் கம்மியா போகும். கர்ப்பப்பைய எடுத்துட்டா அந்த குழாய நிறுத்த இடமே இல்ல. அந்த அம்மாவுக்கு அப்படித்தான் ஆச்சு, வைத்தியம் குடுத்தோம், ஆனா குடுக்க வேண்டிய மாதிரி குடுக்க முடியல.

நோய் இல்லன்னாலும் நஷ்டம்தான். 39 வயசுல எடுக்கும்போது கூடவே சினைப்பையும் சேர்த்து எடுத்துட்டாங்கன்னா மறுநாளே மாதவிடாய் நின்ன உடம்பாயிரும், உடம்பு திகுதிகுன்னு எரியும், எலும்பு தேயும், மலையில பூண்டு மூட்டை தூக்குற உடம்புக்கு அது சின்ன விஷயம் இல்ல.

இப்ப நீங்க என்ன பண்ணணும். முதல்ல கொடைக்கானல் அரசு ஆஸ்பத்திரிக்கு போங்க, மகப்பேறு டாக்டர் இருக்கிற நாளா கேட்டுட்டு போங்க. மாதவிடாய் அதிகமா போற நாள் வேணாம், அது முடிஞ்ச வாரம் நல்லது, ஆனா நிக்காம படுதுன்னா அதுக்காக தள்ளிப் போடாதீங்க, ரத்தம் படும்போதும் பார்க்கலாம். போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி இருந்து சேராதீங்க, உள்ள கழுவுறது, மருந்து வைக்கிறது எதுவும் வேணாம். அதுக்கு இடைப்பட்ட நாள்ல, யாராவது ரத்தம் நிக்கட்டும்னு நாரெத்திஸ்டிரோன் மாதிரி ஹார்மோன் மாத்திரை குடுத்தா, எதுக்குன்னு கேளுங்க. அது ரத்தத்த நிறுத்தும், காரணத்த மூடி மறைக்கும். உங்களுக்கு நின்னு நின்னு வந்ததே அதனாலயா கூட இருக்கலாம், அந்த மாத்திரை அட்டைய தூக்கிப் போடாம கையோட எடுத்துட்டு போங்க.

அங்க முதல்ல மூத்திரத்துல கர்ப்ப டெஸ்ட் பண்ணுவாங்க. எனக்குத்தான் குடும்பக்கட்டுப்பாடு பண்ணியாச்சேன்னு கோவப்படாதீங்க, அபூர்வமா அதுக்கு அப்புறமும் கர்ப்பம் தங்கும், தங்கினா குழாய்ல தங்க வாய்ப்பு ஜாஸ்தி, அது உயிருக்கு ஆபத்து. கூடவே ரத்த அளவு, தைராய்டு பார்ப்பாங்க. அப்புறம் மூத்திரம் போயிட்டு வரச் சொல்லிட்டு ஸ்பெகுலம் வைப்பாங்க. உடம்ப இறுக்காம வாயத் திறந்து மூச்சு விடுங்க, அழுத்துற மாதிரி இருக்குமே தவிர வலி பெருசா இருக்காது. ரத்தம் வாயிலிருந்து வருதா, உள்ள இருந்து வருதா, இல்ல பக்கத்து சுவர்ல இருந்தான்னு அப்பவே பாதி தெரிஞ்சிரும். மூத்திர வழியையும் ஆசனவாயையும் கூட ஒரு பார்வை பார்ப்பாங்க, மூலத்துல இருந்து வர்ற ரத்தத்த இதுன்னு நினைச்சு வந்தவங்களும் இருக்காங்க. கடைசில கைய வச்சு வாய் மெத்துன்னு இருக்கா கல்லு மாதிரி இருக்கான்னு பார்ப்பாங்க.

தொற்று மாதிரி தெரிஞ்சா கலர் பெட்டியில மாத்திரை குடுப்பாங்க, சாம்பல் கலர் பெட்டியோ பச்சைப் பெட்டியோ, எந்த வகை தொற்றுங்கறத பொறுத்து. உங்க வீட்டுக்காரரும் சாப்பிட வேண்டியது இருந்தா அவரும் சாப்பிடணும், இல்லன்னா உங்களுக்கு சரியாகி திரும்ப வரும். மாத்திரை முடிச்சும் ரத்தம் படுதுன்னா இன்னொரு கோர்ஸ் மாத்திரைன்னு ஒத்துக்காதீங்க, நீங்க ஏற்கனவே ரெண்டு தடவ சாப்பிட்டாச்சு, அடுத்தது கால்போஸ்கோப்பிதான். சொல்லப்போனா உங்களுக்கு நாலு மாசமாச்சு, தொற்று இருந்தாலும் இல்லாட்டியும் கால்போஸ்கோப்பி கேளுங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

கால்போஸ்கோப்பிங்கறது வெளிய நிக்கிற ஒரு பெரிய பூதக்கண்ணாடிதான், உங்க உள்ள எதுவும் போகாது, ஸ்பெகுலம் மட்டும்தான். கொடைக்கானல்ல அந்த வசதி இல்லன்னா திண்டுக்கல் மருத்துவக் கல்லூரிக்கோ, தேனிக்கோ, மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்கோ எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. அதுலயும் அசெட்டிக் ஆசிட் தடவி பார்ப்பாங்க, அப்புறம் அயோடின் தடவுவாங்க, நல்ல தோல் கருப்புக் காப்பி கலர்ல மாறும், மாறிப் போன இடம் கலர் ஏறாம மஞ்சளாவே நிக்கும். அந்த மஞ்சள் இடத்துல இருந்தும் வெள்ளைத் திட்டுல இருந்தும் அரிசி அளவு துண்டு கிள்ளி எடுப்பாங்க. கிள்ளும்போது அடிவயிறு ஒரு நொடி சுருக்குன்னும், மாதவிடாய் வலி மாதிரி. ரத்தம் நிக்க ஒரு பழுப்பு மருந்து வைப்பாங்க, அது சில நாள் காப்பித்தூள் கலந்த மாதிரி வெளிய வரும், அதப் பார்த்து பயந்து மலை இறங்காதீங்க. அது நிக்கிற வரைக்கும் சேரக் கூடாது.

மாசத்துக்கு நடுவுல படுறது மட்டும் தனிக்கதையா இருக்கலாம், அது கர்ப்பப்பைக்கு உள்ள இருக்கிற பாலிப், நார்க்கட்டி, இல்ல உள்தோல் தடிச்சு போறதால கூட வரும். அதுக்கு மாதவிடாய் முடிஞ்ச கையோட உள்ள வச்சு பார்க்கிற ஸ்கேன் எடுக்கணும், அப்பதான் உள்தோல் மெல்லிசா இருக்கும், பாலிப் இருந்தா பளிச்சுன்னு தெரியும். உங்களுக்கு சுகர், உடம்பு எடை ஜாஸ்தி, மாதவிடாய் ரெண்டு மூணு மாசம் தள்ளிப் போற பழக்கம் இதெல்லாம் இருந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க, அப்ப 45 வயசு ஆகலன்னாலும் உள்தோல்ல இருந்தும் கொஞ்சம் எடுத்து பார்க்கணும்.

வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை, இந்த பகுதிய அவரையே படிக்கச் சொல்லுங்க. ஐயா, தொல்லை விட்டுச்சுன்னு நினைக்கிறது புரியுது, அடிக்கடி மலை இறங்கி ஏறுறது, பஸ் காசு, கூலி போறது எல்லாம் இருக்கு. ஆனா இதுல தேதி குறிக்கிறதுக்கு முன்னாடி ஒரு துண்டு எடுத்து பார்க்கிறதுக்குத்தான் நீங்க கூட போகணும். எச்.பி.வின்னு ரிப்போர்ட்ல வந்தா யாருகிட்ட இருந்து வந்துச்சுன்னு வீட்ல சண்டை வேணாம், அந்த கிருமி கல்யாணமான பெரும்பாலானவங்களுக்கு வாழ்க்கைல ஒரு தடவையாவது ஒட்டியிருக்கும், வருஷக்கணக்குல சும்மா உக்காந்திருக்கும், எப்ப வந்துச்சு யாரால வந்துச்சுன்னு எந்த டெஸ்ட்டும் சொல்லாது.

இதெல்லாம் நடக்கிற வரைக்கும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனையிற அளவுக்கு தொடர்ந்து போச்சுன்னாலோ, தலை சுத்தி கண்ணு இருட்டினாலோ, ஒரு பக்கமா அடிவயிறு கடுமையா வலிச்சாலோ, நாள் பார்க்காம 108க்கு போன் போடுங்க. பூம்பாறையில இருந்து வண்டி வர நேரமாகும், அதனால ராத்திரி ஆகட்டும் பார்க்கலாம்னு உக்காராதீங்க.

ரிப்போர்ட்ல புற்றுநோய்க்கு முந்தின நிலைன்னு வந்தா அந்த இடத்த மட்டும் சூடு வச்சோ, கரண்ட் கம்பி வளையத்தால சீவியோ எடுத்துறலாம், கர்ப்பப்பை அப்படியே இருக்கும். புற்றுநோய்ன்னே வந்துட்டா முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில வைத்தியம் இருக்கு, ஆபரேஷன் தேதி குடுத்த இடத்துக்கு திரும்பிப் போகாம நேரா புற்றுநோய் பிரிவு இருக்கிற ஆஸ்பத்திரிக்கு போங்க. எல்லாம் பார்த்து வேற காரணத்துக்காக கர்ப்பப்பைய எடுத்தே ஆகணும்னு வந்தாலும், சினைப்பை ரெண்டையும் விட்டு வைக்க முடியுமான்னு கேளுங்க, எடுத்தத டெஸ்ட்டுக்கு அனுப்புவீங்களான்னு கேளுங்க, ரிப்போர்ட் கைக்கு வராம பில்ல செட்டில் பண்ணிட்டு மறந்துராதீங்க. துண்டு எடுத்த இடத்துல மெழுகுல பதிச்சு வச்சிருக்கிற பிளாக்கும் ஸ்லைடும் இருக்கும், வேற ஆஸ்பத்திரில காட்டணும்னா அத எழுதிக் குடுத்து வாங்கிட்டு போலாம், இன்னொரு தடவ கிள்ள வேண்டியது இருக்காது.